நான்குவழிச் சாலைக்கு நிலம் போகும்போது

திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-ஐத் தெரியாதவர் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்தில் இருக்க முடியாது. இதில் திருமங்கலம் முதல் ராஜபாளையத்தை ஒட்டிய தெற்கு வெங்காநல்லூர் வரை சுமார் 71.6 கிலோமீட்டரை நான்குவழியாக்கும் திட்டம் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: திருமங்கலம் – வடுகபட்டி, வடுகபட்டி – தெற்கு வெங்காநல்லூர். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னையில் இந்தச் சாலைத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார். மீனாட்சியம்மன் கோயில், ஆண்டாள் கோயில், சபரிமலை ஆகியவற்றுக்குப் போகும் பக்தர்களுக்கும் கேரளத்துடனான போக்குவரத்துக்கும் இது உதவும் என்று அரசு அறிவித்தது.

அடிக்கல் நாட்டு விழா செய்தியில் வரும். அதற்கு நெடுநாள் முன்பே தென்னந்தோப்பிலும் வயலிலும் கல் ஊன்றும் வேலை தொடங்கியிருக்கும். இந்த அத்தியாயம் அந்தக் கல் ஊன்றப்பட்ட நிலத்தின் சொந்தக்காரருக்கானது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நில எடுப்பு என்பது ஒரே வழக்கு அல்ல. அது அடுத்தடுத்து வரும் சில கேள்விகள். இந்த நிலம் இந்த வேலைக்கு வேண்டுமா என்பது ஒரு கட்டத்தின் கேள்வி. என்ன விலை என்பது இன்னொரு கட்டத்தின் கேள்வி. அந்த விலை யாருக்குச் சேரும் என்பது மூன்றாவது. ஒரு கட்டத்தில் இன்னொரு கட்டத்தின் பதிலைக் கொண்டுபோய் நீட்டியவர்கள்தான் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள்.

எந்தச் சட்டம் என்று பாருங்கள்

நோட்டீஸைப் பார்த்ததும் தொகையைத் தேடாதீர்கள். எந்தச் சட்டத்தின் பெயர் மேலே இருக்கிறது என்று பாருங்கள். காலக்கெடு முழுவதும் அதைப் பொறுத்தது.

1894-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2014 ஜனவரி 1 முதல் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி எடுத்தால் முதலில் சமூகத் தாக்க ஆய்வு நடக்க வேண்டும்; ஆட்சேபணைக்கு 60 நாள் உண்டு. ஆனால் நம் பக்கத்து நான்குவழிச் சாலைக்கு அந்த வழி இல்லை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் சமூகத் தாக்க ஆய்வு கிடையாது. ஆட்சேபணைக்கு 21 நாள்தான்.

மாநில நெடுஞ்சாலைத் துறை ஒரு புறவழிச்சாலைக்கோ மேம்பாலத்துக்கோ நிலம் எடுத்தால், அது பெரும்பாலும் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி இருக்கும். அந்தச் சட்டத்தையும் தொழிற்பேட்டைகளுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. அரசு புதிய சட்டம் இயற்றி அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே “அந்தச் சட்டம்தான் ரத்தாகிவிட்டதே” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் பேசாமல் டீயைக் குடியுங்கள்.

இனி இந்த அத்தியாயம் முழுவதும் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தைப் பற்றித்தான் பேசும்.

பொதுநோக்கம்: இதில் எவ்வளவு தூரம் வாதிடலாம்

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-இல் வந்த 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதற்கு வெறும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்று 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அறிவிப்பு தர வேண்டும், ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டும், பொதுநோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், வேலையைக் காலதாமதமின்றி முடிக்க வேண்டும் என்று அது வரிசைப்படுத்தியது.

நடைமுறையில் சாலை என்றாலே பொதுநோக்கம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். “சாலையே தேவையில்லை” என்ற வாதம் தனி ஒருவருக்கு வென்று தருவது அரிது. சென்னை – சேலம் எட்டுவழிச் சாலையையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முதல்கட்ட அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. முதல்கட்ட அறிவிப்பு வந்த உடனேயே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியது தவறு, பழையபடி திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே அறிவிப்பு வந்த பிறகு சிட்டாவை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். eservices.tn.gov.in தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குக் கடிதம் வராது

முதல்கட்ட அறிவிப்பைச் சட்டப் பிரிவின் பெயரில் ‘3ஏ அறிவிப்பு’ என்பார்கள். அது மத்திய அரசிதழில் வெளியாகும். அதன் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று தமிழாக இருக்கும். ஒவ்வொரு நிலத்துக்காரருக்கும் தனித்தனியாகக் கடிதம் அனுப்ப வேண்டும் என்று இந்தக் கட்டத்தில் சட்டம் சொல்லவில்லை. திருப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் ராஜபாளையத்துக்காரருக்கு 21 நாள் போனதே தெரியாமல் போவது இதனால்தான். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருப்பதும், ஊரில் ஒருவரைப் பத்திரிகை பார்க்கச் சொல்வதும் சிறிய வேலைகள். ஆனால் தவறிவிட்டால் பின்னால் எந்த வக்கீலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அறிவிப்பு அட்டவணையில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, நிலத்தின் வகை, பரப்பு ஆகியவை இருக்கும். பரப்பு ஹெக்டேரில் இருப்பதால் பலருக்குப் புரிவதில்லை. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். அட்டவணையில் 0.0890 என்று இருந்தால் 890 சதுர மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட்.

உங்கள் சர்வே எண்ணில் முழுவதும் போகாமல் ஒரு பகுதி மட்டும் போகிறதா? அப்படியானால் எந்தப் பகுதி என்று கேளுங்கள். மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலை வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. எந்தத் துண்டு என்று அடையாளம் தெரியாத அறிவிப்பு சட்டப்படி நிற்காது என்றது. ஆனால் சாலை அதற்குள் போடப்பட்டுவிட்டதால் நிலத்தைத் திருப்பித் தரவில்லை. விலை நிர்ணயிக்கும் தேதியைத்தான் தள்ளிவைத்தது. குறையைச் சொல்வதானால் கருங்கல் ஜல்லி கொட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது. புலப்பட நகலை எடுத்து, ஊன்றிய கல்லின் இடத்தை அதில் குறித்து, அளந்து பாருங்கள். அட்டவணையில் உள்ள பரப்பும் நிலத்தில் உள்ள பரப்பும் ஒத்துவராத இடங்கள் கணிசமாக உண்டு.

ஆட்சேபணை மனு

3சி பிரிவின்படி, அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்து வடிவில் மனு கொடுக்க வேண்டும். பெறுபவர் உரிய அதிகாரி. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் நில எடுப்புக்கான சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர். சரியான பதவிப் பெயர் அறிவிப்பிலேயே இருக்கும். மனு கொடுத்தவரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ பேச விட்டு, அதன் பிறகுதான் ஏற்பதா தள்ளுவதா என்று அவர் உத்தரவிட வேண்டும். அவருடைய உத்தரவு இறுதியானது. உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் மட்டும்தான் அதற்கு மேல் மிச்சம்.

இந்த மனுவில் பெரும்பாலோர் என்ன எழுதுகிறார்கள்? “மூன்று தலைமுறைச் சொத்து, இதை விட்டால் வேறு கதியில்லை, எடுப்பதானால் சென்டுக்கு இவ்வளவு தர வேண்டும்.” இதில் முதல் பாதி உண்மை, ஆனால் அதிகாரி பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதில் இல்லை. இரண்டாம் பாதி இந்தக் கட்டத்துக்கே சேராதது. விலை கேட்டு எழுதியதுமே, எடுப்பதில் ஆட்சேபணை இல்லை, தொகையில்தான் குறை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

நம் பகுதியில் எழுதத் தகுந்த ஆட்சேபணை பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கிழக்கே ஓடிக் கண்மாய்களுக்குப் போகின்றன. சாலையோ மலையடிவாரத்தை ஒட்டி வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. ஆக, உயர்த்திப் போடப்படும் புதிய நான்குவழிச் சாலை வழியிலுள்ள வரத்துக் கால்வாய்களையும் மடை வாய்க்கால்களையும் குறுக்காக வெட்டித்தான் போகும். வரைபடம் போட்டவருக்குப் பெரிய ஓடைகள் தெரியும். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வாய்க்கால் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. “சர்வே எண் இன்னதில் உள்ள இந்த வாய்க்கால் இன்ன கண்மாய்க்கு நீர் கொண்டுபோகிறது, இத்தனை ஏக்கர் பாசனம், இங்கே பெட்டிப் பாலம் இல்லாவிட்டால் மேற்கே நீர் தேங்கும், கிழக்கே கண்மாய் காயும்” என்று புகைப்படத்தோடும், ஆயக்கட்டுக்காரர்கள் பத்துப் பேரின் கையெழுத்தோடும் ஒரு மனு போனால் அதைத் தள்ளுவதற்கும் காரணம் எழுத வேண்டும். அதன் நகலை நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்ட இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாலமும் சுரங்கப்பாதையும் போடும் முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கிணறு ஒரு பக்கமும் தோப்பு மறுபக்கமும் ஆகிவிடுமா, தேவைக்கு மேல் அகலமாக எடுக்கிறார்களா, பத்து மீட்டர் தள்ளினால் புறம்போக்கு கிடக்கிறதா என்பவையும் இங்கே சொல்ல வேண்டியவை. ராஜபாளையத்துக்குத் தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகச் செங்கோட்டை போகும் அடுத்த பகுதிக்கு, நஞ்சையை விட்டு வேறு தடத்தில் போக வேண்டும் என்று விவசாயிகள் போராடியதும் இதே வகை ஆட்சேபணைதான். தடம் மாற வேண்டும் என்றால் ஊர் சேர்ந்து கேட்க வேண்டும். தனி மனுவுக்குத் தடம் நகராது.

ஆட்சேபணைகள் முடிந்ததும் ‘3டி’ அறிவிப்பு வரும். அது வெளியான அன்றே நிலம் எந்த வில்லங்கமும் இன்றி மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. ஒரு ரூபாய்கூட அதுவரை கைக்கு வந்திருக்காது. ஆனால் முதல் அறிவிப்பிலிருந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு தானாகச் செத்துப்போகும். நீதிமன்றத் தடை இருந்த காலத்தைக் கழித்துக்கொள்வார்கள். எனவே இரண்டு தேதிகளையும் எழுதி வையுங்கள். இழப்பீட்டை அரசு செலுத்திய பிறகுதான் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் தர முடியும்; அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு.

விலை எங்கே முடிவாகிறது

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எடுத்தாலும் இழப்பீட்டுக் கணக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். 2015 ஜனவரி 1 முதல் அப்படி. அதற்கு முந்தைய எடுப்புகளில் ஆறுதல் தொகையும் வட்டியும் கிடையாது என்றிருந்த விதியையும் 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது.

கணக்கின் அடித்தளம் சந்தை மதிப்பு. முதல் அறிவிப்பு நாளன்று இருந்த விலை அது. சார்பதிவாளர் அலுவலக வழிகாட்டி மதிப்பு ஒன்று. முந்தைய மூன்று ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் நடந்த அதேவகை நில விற்பனைகளில், விலை அதிகமுள்ள பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அது.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் நம்மையே கடிக்கிறது. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்த, சென்டுக்கு ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியதை வழிகாட்டி மதிப்பான பன்னிரண்டாயிரத்துக்குப் பதிவு செய்கிறோம். ஊரே அப்படிச் செய்திருக்கும்போது, ஊரின் ‘சந்தை விலை’ பன்னிரண்டாயிரம்தான். வாய்மொழியில் நடந்த விலைக்கு அதிகாரியிடம் மதிப்பில்லை. அறிவிப்பு வந்த பிறகு பெரிய தொகைக்கு ஒரு பத்திரம் போட்டுக்கொள்வதும் பயன்படாது. அந்தத் தேதிக்கு முந்தியவைதான் கணக்கு.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்கானவை. 60 சென்ட் தென்னந்தோப்பில் 22 சென்ட் சாலைக்குப் போகிறது. வழிகாட்டி மதிப்பு சென்டுக்கு ரூ.12,000. மூன்று ஆண்டில் எட்டுப் பத்திரங்கள். மேல்பாதி நான்கும் ரூ.18,000, 20,000, 21,000, 21,000. சராசரி ரூ.20,000. ஆகவே சந்தை மதிப்பு ரூ.4,40,000.

கிராமப்புறமானால் இதை ஒரு எண்ணால் பெருக்குவார்கள். நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1-லிருந்து 2 வரை அரசு நிர்ணயிக்கும் எண் அது. நகராட்சி எல்லைக்குள் என்றால் 1 மட்டுமே. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகராட்சி ஓரங்களில் வரப்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இதனால் பெரிய விஷயம். நம் கணக்கில் 1.25 என்று வைத்தால் ரூ.5,50,000. பதினைந்து தென்னைக்குத் தோட்டக்கலைத் துறை மதிப்பீடு ரூ.60,000, கிணறு, குழாய்களுக்குப் பொறியாளர் மதிப்பீடு ரூ.1,50,000 என்று கொண்டால் கூட்டுத்தொகை ரூ.7,60,000. இதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. ஆக ரூ.15,20,000. முதல் அறிவிப்பிலிருந்து தீர்வம் வரும் வரை, பெருக்காத சந்தை மதிப்பின் மேல் ஆண்டுக்கு 12 சதவீதம் தனியாக உண்டு. ஒன்றரை ஆண்டானால் ரூ.79,200. மொத்தம் ரூ.15,99,200.

இதில் விட்டுப்போவது எது? பெரும்பாலும் மரங்கள், குழாய்கள், துண்டுபட்ட மிச்ச நிலம். மிச்சமுள்ள 38 சென்டுக்குக் கிணறே இல்லாமல் போனால் அந்த நஷ்டத்தையும் சட்டம் இழப்பீட்டில் சேர்க்கச் சொல்கிறது; ஆனால் கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள். விலை நிர்ணயத்துக்கு முன் ‘3ஜி’ பிரிவில் மறுபடியும் பத்திரிகை அறிவிப்பு வரும். விலையைப் பற்றிப் பேசும் இடம் அதுதான். tnreginet.gov.in தளத்தில் அக்கம்பக்கத்து சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டு, நல்ல விலைக்கு நடந்த கிரையங்களைக் கண்டுபிடித்து, நகலோடு கொடுங்கள். அலுவலகம் தேடி எடுத்த எட்டுப் பத்திரங்களில் உங்களுக்குச் சாதகமான ஒன்பதாவது இல்லாமல் போகலாம்.

பணம் வராமல் நிற்பது

விலை குறைவு என்பதைவிட, பணம் அப்படியே முடங்கிக் கிடப்பதுதான் அதிகம். பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். அத்தைமார் கையெழுத்து போட மாட்டார்கள். பங்கில் தகராறு என்றால் அதிகாரி தொகையை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடலாம்; அங்கே அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கல் ஊன்றுவதைப் பார்த்த வாரத்திலேயே வாரிசுச் சான்றும் கூட்டுப் பட்டா மாற்றமும் செய்துகொள்ளுங்கள். கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிரிடுபவர் நில விலைக்கு உரியவர் அல்ல. பயிருக்கும் தான் வைத்த மரத்துக்கும் தனியாகக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

தீர்வத் தொகை போதாது என்றால் நடுவரிடம் போகலாம். மத்திய அரசு நியமிக்கும் அந்த நடுவர் நடைமுறையில் மாவட்ட ஆட்சியராக இருப்பார். அரசுக்காரரே நடுவரா என்று கேட்பது நியாயமான கேள்விதான். நடுவர் உத்தரவும் திருப்தியில்லை என்றால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பது நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி.

அந்த நீதிமன்றம் என்ன செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கே உதாரணம். நெடுஞ்சாலைக்குப் போன நிலங்களுக்குச் சதுர மீட்டருக்கு ரூ.46.55 முதல் ரூ.83.15 வரை தரப்பட்டிருந்தது. ஆட்சியரும் வழிகாட்டி மதிப்பை வைத்து அதையே உறுதி செய்தார். மாவட்ட நீதிபதி அதை ரூ.645 ஆக உயர்த்தினார். 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிரத் தொகையை மாற்றி எழுத நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. ஆனாலும் அந்த விவசாயிகளுக்குக் கிடைத்த தொகையில் கை வைக்கவில்லை. 2025 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மிகக் குறுகிய எல்லைக்குள் திருத்தலாம் என்று பெரும்பான்மையாகச் சொல்லியிருக்கிறது. எனவே மேலே போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆதாரத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள். எல்லாப் பத்திரங்களையும் நடுவர் முன்பே தாக்கல் செய்துவிடுங்கள்.

வழக்கு நடக்கிறதென்று முதல் தொகையை வாங்காமல் விட வேண்டாம். ரசீதில் “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். பிறகு நடுவர் கூட்டித் தந்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து ஆண்டுக்கு 9 சதவீதம் வட்டி சேர்த்துக் கிடைக்கும். நிலத்தை ஒப்படைத்த தேதியைக் காட்டும் காகிதத்தையும் அந்த ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வட்டிக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.